தக்காளி வயலைப் பற்றிய பத்தி

என் தங்கையைத் தெருவில் பூச்சி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேளாண்மையில் பட்டம் வாங்கி வந்த புதிதில் எதிர்வீட்டுக்காரர் கிண்டலாக வைத்த பெயர் அது. அவர் வீட்டு எலுமிச்சைச் செடியில் தளிரெல்லாம் சுருண்டு கிடந்தது. இவள் ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே புழு ஊர்ந்து போன வெள்ளிக் கோட்டை அவருக்குக் காட்டினாள். தளிர் விடும் சமயத்தில் என்ன தெளிக்க வேண்டும் என்று சொன்னாள். அடுத்த தளிர் சுத்தமாக வந்தது. அதற்குப் பிறகு கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு மனசு குளிரும்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, விட்டுப்போன தையல், தொங்கும் நூல், ஏறுமாறான காலர் என்று குறை கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் தங்கை ஒருத்திதான். அவளைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் எனக்கே உண்டு. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

படிப்பு முடிந்ததும் விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றில் தற்காலிகக் களப்பணியாளராக இரண்டு வருடம் வேலை பார்த்தாள். வயல் வயலாகப் போய்ப் பயிரைப் பார்த்து ஆலோசனை சொல்லும் வேலை. ஒருமுறை நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வரப்பில் நின்று எட்டிப் பார்க்கும் பழக்கம் அவளிடம் இல்லை. ஓரத்துச் செடி எப்போதும் பொய் சொல்லும் என்பாள். உள்ளே இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குறுக்கே நடந்து, அங்கங்கே நின்று இலையின் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். வாடிய செடி என்றால் வேரோடு எடுத்து மண்ணை உதறிப் பார்ப்பாள். அன்று ஒரு பெரியவர் வரப்பில் குந்தியபடி, "என்னம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி இப்படி சுத்திச் சுத்திப் பாக்குறே, பிடிச்சிருக்கா இல்லையா" என்றார். "வேர்ல கொஞ்சம் குறை இருக்குங்க, பேசித் தீத்துக்கலாம்" என்று இவள் குனிந்தபடியே சொன்னாள். பெரியவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் இவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

கூட்டமைப்பின் திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாள். அம்மாவுக்கு இவள் வீட்டில் இருப்பதைவிட, இருக்கிறாளே என்று பக்கத்து வீடுகளில் விசாரிப்பதுதான் பெரிய தொந்தரவு. அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. விவசாயிக்குச் செல்போன் வழியாக ஆலோசனை சொல்லும் நிறுவனம். நோய் பட்ட இலையைப் படம் எடுத்து அனுப்பினால் இன்ன நோய் என்று அவர்களுடைய ஆப் சொல்லும். அதோடு வயலுக்கே போய்ப் பார்க்கவும் ஆட்கள் வேண்டுமாம். களப் பயிர் ஆலோசகர் என்று பதவிக்குப் பெயர். ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் கேட்டிருந்தார்கள். நீங்கள் பார்த்த வயல்கள் இந்த வேலைக்கு உங்களை எப்படித் தயார் செய்தன என்று அதில் சொல்ல வேண்டும். விவசாயியிடம் பேசும் மொழியிலேயே எழுதலாம். கூடவே மூன்று வயல்களின் படங்களும், உங்களைத் தெரிந்த இரண்டு விவசாயிகளின் போன் நம்பரும் அனுப்ப வேண்டும்.

"எனக்குன்னே போட்ட மாதிரி இருக்குக்கா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலில் எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினாள். கடினமாக உழைப்பேன், குழுவாகப் பணியாற்றுவேன், விவசாயத்தில் ஆர்வம் உண்டு என்று இருந்தது.

"இந்த லேபிளை எந்தச் சட்டையில வேணா ஒட்டலாம்டி" என்றேன். "நீ போன வயல் எங்க இதுல? ஒரு செடி கூடக் காணோம்."

மறுபடி உட்கார்ந்து எழுதினாள். இந்த முறை வயல்கள் வந்தன. நெல்லில் குருத்து காய்ந்ததைப் பார்த்துப் புழுவை எடுத்துக் காட்டியது, உப்புத் தண்ணீர்க் கிணற்றுக்காரருக்கு மண்ணைச் சோதித்துப் பயிரை மாற்றச் சொன்னது என்று எழுதியிருந்தாள். கடைசியில் அவளுக்கு மிகவும் பெருமையான ஒன்றை வைத்திருந்தாள். அந்தப் பத்தி இது:

"ஒரு குத்தகை விவசாயியின் தக்காளி வயலில், பூக்கும் முன்பே செடிகள் சுருண்டிருப்பதைக் கண்டேன். இலைச்சுருட்டு வைரஸ் எனக் கண்டறிந்து, செடிகள் அனைத்தையும் பிடுங்கிப் புதைக்க அறிவுறுத்தினேன். இதனால் சுற்றியிருந்த வயல்களுக்கு நோய் பரவவில்லை. தாமதமின்றி முடிவெடுத்த இந்த அனுபவம் உங்கள் நிறுவனத்தின் உடனடி ஆலோசனைச் சேவைக்கு உதவும்."

நான் இரண்டு முறை படித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம்பர் கொடுக்கலாமா என்று கேட்பதற்காக அந்தத் தக்காளிக்காரருக்கு என் முன்னாலேயே போன் போட்டாள்.

"தாராளமா குடும்மா" என்றார் அவர். "கேட்டா நான் சொல்றேன். அந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்குச் சொல்லலேன்னா சுத்துவட்டாரமே நாறிப் போயிருக்கும்னு சொல்றேன். நீ எங்க இருந்தாலும் நல்லா இரு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து, "ஆளுங்க மனசுல இடம் பிடிச்சிருக்கா பாரு" என்று எனக்குச் சொல்வதுபோல் தெருவுக்குச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் படங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் பெரிய திரைக்கு மாற்றியிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தக்காளி வயல் படம் வந்தது. எந்த இடம் தெளிவாக இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கினாள். அப்படியே நிறுத்தினாள். அடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். திரும்ப முதல் படத்துக்குப் போனாள்.

"என்னடி?"

"களையைப் பாரு அக்கா."

எனக்கு வெறும் செடிதான் தெரிந்தது. தக்காளி வரிசைகளுக்கு நடுவே முளைத்திருந்த களைகளை விரலால் காட்டினாள். அகலமான இலை உள்ள களைகள் எல்லாமே தண்டு முறுக்கித் தலை கவிழ்ந்து கிடந்தன. நடுவில் நின்ற புல் மட்டும் நேராக இருந்தது.

"களைக்கும் நோய் வந்திருக்கும்" என்றேன்.

"ஒண்ணு ரெண்டுக்கு வரலாம். எல்லாக் களைக்கும் ஒரே நேரத்துல வராது. வந்தாலும் தண்டு இப்படி முறுக்காது." அடுத்த படத்தைக் காட்டினாள். வாய்க்கால் ஓரத்து வரிசைகள் அதில் தெரிந்தன. "இங்க பாரு, இது வரைக்கும் சுருண்டிருக்கு. இதுக்கு அப்புறம் நேரா நிக்குது. வைரஸை வெள்ளை ஈ பரப்பும். ஈ அங்க ஒரு செடி, இங்க ஒரு செடின்னு உக்காரும். இப்படிக் கோடு கிழிச்ச மாதிரி நிக்காது."

"அப்ப இது என்ன?"

"களை மருந்து" என்றாள். "சோளத்துக்கு அடிக்கிறது. புல்லை ஒண்ணும் பண்ணாது, அகல இலையை முறுக்கிடும். டேங்க்கைச் சரியாக் கழுவாம அதுலயே பூச்சி மருந்து கலந்து அடிச்சா இப்படித்தான் ஆகும். தக்காளிக்கு வாடை பட்டாலே போதும். முதல் டேங்க்ல மிச்சம் இருந்தது இந்த வரிசைக்கெல்லாம் போயிருக்கு. ரெண்டாவது டேங்க் வர்றதுக்குள்ள அலசிப் போயிருக்கு."

அந்தப் பருவத்தில் பக்கத்துப் பகுதிகளில் உண்மையாகவே இலைச்சுருட்டு நோய் இருந்ததாம். காலையில் இரண்டு வயல்களில் அதைப் பார்த்துவிட்டு மூன்றாவதாக இவர் வயலுக்குப் போயிருக்கிறாள். நோயின் பெயரை நாக்கில் வைத்துக்கொண்டே உள்ளே இறங்கியிருக்கிறாள். சுருண்ட இலையைப் பார்த்ததும் பெயர் வாயில் வந்துவிட்டது.

"பிடுங்காம விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"தண்ணி விட்டுக் காத்திருந்தா லேசாப் பட்ட செடி புதுத் தளிர் விட்டிருக்கும். எல்லாம் பிழைச்சிருக்காது. பாதி பிழைச்சிருக்கலாம். பிடுங்கிப் புதைச்ச அப்புறம் எதுவும் பிழைக்காது."

விண்ணப்பம் அனுப்ப அந்த வாரம்தான் கடைசி. அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நடந்தது நடந்து போச்சு, அந்த மனுஷனே வாழ்த்துறான், நீ எதுக்குக் கிண்டுறே" என்றாள். முதலில் கடிதம் போகட்டும், வேலை கிடைத்த பிறகு அவரைப் போய்ப் பார் என்று நானும்தான் சொன்னேன்.

"அவரு என்னைப் பத்தி நல்லதாச் சொல்லுவாரு அக்கா" என்றாள். "அதைத்தான் என்னால தாங்க முடியாது."

மறுநாள் காலை இருவரும் கிளம்பினோம்.

தக்காளிக்காரருக்கு இப்போது வயல் இல்லை. அந்தப் பயிர் போனதும் குத்தகையைக் கட்ட முடியவில்லை, நிலக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். இதை அவர் போனில் சொல்லவே இல்லை. பேருந்து நிறுத்தத்துக் கடையில் வழி கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கோழிப்பண்ணை ஒன்றில் கணவன் மனைவி இரண்டு பேரும் வேலை பார்த்தார்கள், கொட்டகைக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட ஒரு அறையில் இருந்தார்கள். தூரத்திலிருந்தே மூக்கை எரிக்கும் வாடை. அவர் தீவன மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் மனைவி குழாயடியில் தண்ணீர்க் குவளைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா இங்கயே வந்துட்டீங்களா" என்றார் அவர். "கோழிக்கும் வைத்தியம் பாப்பீங்களோ?"

தங்கை சிரிக்கவில்லை. "அண்ணா, ஒண்ணு கேக்கணும். தக்காளி சுருளுறதுக்கு முன்னாடி என்ன அடிச்சீங்க?"

"பூச்சி மருந்துதான். நீ சொன்னதுதான்."

"எந்த டேங்க்ல?"

யோசித்தார். "என் டேங்க்ல பம்பு போயிருந்துச்சு. பக்கத்து வயல்காரன்கிட்ட வாங்கினேன்."

"அவரு அதுக்கு முன்னாடி எதுக்கு அடிச்சிருந்தாரு?"

"சோளத்துக்கு." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். குழாயடியில் குவளை உருளும் சத்தமும் நின்றது.

தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அது வைரஸ் இல்லை, களை மருந்து. நான் தப்பாகச் சொன்னேன், நீங்கள் என்னை நம்பிப் பிடுங்கினீர்கள். போனில் இருந்த படத்தை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

"கழுவினேனே" என்றார். "ஒரு தடவை தண்ணி ஊத்திக் குலுக்கிக் கழுவினேனே."

"ஒரு தடவை பத்தாதுங்க அண்ணா. சோப்புத் தூள் போட்டு, ஹோஸ், நாசில் எல்லாம் கழட்டி, ரெண்டு மூணு தடவை அலசணும். களை மருந்துக்குத் தனி டேங்க் வச்சுக்கறதுதான் நல்லது. இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். வயலுக்கு வந்த அன்னிக்காவது கேட்டிருக்கணும்."

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்ப எதுக்கும்மா சொல்றே? இனிமே எனக்கு டேங்க்கும் இல்லை, கழுவறதுக்கு ஒண்ணும் இல்லை."

"உங்க நம்பரைக் கம்பெனிக்குக் குடுக்கறேன்னு கேட்டேன். நீங்க தெரியாம என்னைப் புகழக்கூடாது."

அதற்குள் அவர் மனைவி ஈரக் கையோடு வந்துவிட்டாள். முகம் கன்றியிருந்தது. "அப்ப நாத்து?" என்றாள். "நாத்துல இருந்து வந்திருக்கலாம்னு அன்னிக்குச் சொன்னியே. அது?"

தங்கை தலை குனிந்தாள். வைரஸ் எங்கிருந்து வந்திருக்கும் என்று அன்று அவர்கள் கேட்டபோது, நாற்றோடு வந்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். வைரஸ் என்றால் அது சரியான பதில்தான். ஆனால் அந்த நாற்றை விற்றது அவர் மனைவியின் சொந்த அண்ணன். சின்னதாக நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். தக்காளிக்காரர் அங்கே போய் வாசலில் நின்று, மச்சான் என்றும் பாராமல் நாலு பேர் முன்னால் கத்திவிட்டு வந்திருக்கிறார். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. நோய் நாற்று விற்கிறவன் என்று பெயர் பரவி, வாங்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

"நாத்துல குறை இல்லைங்க" என்றாள் தங்கை.

"இதை எங்கிட்டச் சொல்லாதே" என்றாள் அந்த அம்மாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "கிளம்பு. எங்கண்ணன்கிட்ட வந்து சொல்லு. நீ சொன்ன வாயாலயே சொல்லு."

தக்காளிக்காரர் எங்களோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

நாற்றுப் பண்ணை சாலையோரத்தில் இருந்தது. பச்சை வலை போட்ட கூடாரம், ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. நாற்று வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டுகள் காலியாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மிளகாய் நாற்று பசுமையாக இருந்தது. அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், களப்பணி நாட்களில் பார்த்திருந்த என் தங்கையை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"யாரு, வைரஸ் அம்மாவா? இந்தத் தடவை எதைப் பிடுங்கச் சொல்லப் போறே? மிளகாய்தான் மிச்சம் இருக்கு."

தன் தங்கையை அவர் பார்க்கவே இல்லை. என் தங்கை நின்றபடியே சொன்னாள். அவர் தெளிப்பதை நிறுத்தாமல் கேட்டார். முடித்த பிறகுதான் வாளியைக் கீழே வைத்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன். என் நாத்து வலைக்குள்ள வளந்தது, ஈ உள்ள வராதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். படிச்ச பொண்ணு சொல்லிடுச்சுன்னு ஒருத்தன் காதுலயும் ஏறலை. இப்ப அந்தப் படிச்ச பொண்ணு வந்து எனக்கு மட்டும் சொன்னா ஆச்சா? எனக்குத்தான் முதல்லயே தெரியுமே."

"யார்கிட்டச் சொல்லணும்னு சொல்லுங்க, சொல்றேன்."

"எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவே? எழுதிக் குடு. என் நாத்துல நோய் இல்லை, நான் தப்பாச் சொன்னேன்னு எழுதி, உன் பேரு, படிப்பு, எங்க வேலை பாத்தே எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடு. வாசல்ல ஒட்டி வைக்கிறேன்."

நான் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன். "பைத்தியமாடி உனக்கு? வாயால சொன்னது போதும். படிப்பு, கையெழுத்தோட எழுதிக் குடுத்தா அது காலத்துக்கும் உன் பின்னாடியே வரும். நாளைக்கு இந்தக் கம்பெனிக்காரன் கேட்டா என்ன சொல்லுவே?"

"எழுதிக் குடுத்தேன்னு சொல்லுவேன்."

"எந்தக் கம்பெனி எடுக்கும்?"

"தெரியலைக்கா."

உள்ளே போய், நாற்றுத் தட்டு அடுக்கின் மேல் தாளை வைத்து எழுதினாள். எழுதி முடித்ததும் வழக்கம்போல என்னிடம் நீட்டினாள். இதில் பிழை பார்க்க எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் பார்த்தேன். அவள் வேலை பார்த்த வருடத்தை மாற்றிப் போட்டிருந்தாள், அதைத் திருத்தச் சொன்னேன்.

நாற்றுக்காரர் வாங்கிப் படித்தார். நன்றி என்று சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "ஒரு வருஷம் முன்னாடி இது இருந்திருந்தா வலையைத் தைச்சிருப்பேன்" என்றார். அவர் தங்கை இவ்வளவு நேரமும் ஒரு ஓரமாக நின்றிருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பிறகு தானாகவே தரையில் உட்கார்ந்து, காலித் தட்டு ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு, குழிகளில் தென்னை நார்த்தூளை நிரப்ப ஆரம்பித்தாள். அண்ணன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

வீட்டுக்கு வந்து தக்காளி வயலைப் பற்றிய பத்தியை மாற்றி எழுதினாள். இப்படி:

"ஒரு குத்தகை விவசாயியின் தக்காளி வயலில் களைக்கொல்லியின் பாதிப்பை வைரஸ் நோய் என்று தவறாகக் கண்டறிந்தேன். நான் சொன்னபடி அவர் செடிகளைப் பிடுங்கினார். குத்தகையை இழந்தார். நாற்று விற்றவர் மேலும் பழி விழுந்தது. தெளிப்பானில் முன்பு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, களைகளையும் கவனிக்கவில்லை. தவறை இருவரிடமும் நேரில் தெரிவித்து, நாற்று விற்றவருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன். இலையை மட்டும் பார்த்து ஆலோசனை சொல்வதில் உள்ள ஆபத்தை இந்த வயலில் கற்றேன். படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் உங்கள் சேவைக்கு, வயலில் இறங்கிக் கேள்வி கேட்கும் ஆள் ஏன் தேவை என்பதற்கு என்னிடம் உள்ள சான்று இதுவே."

"உனக்கு எதிரா நீயே சாட்சி சொல்றே" என்றாள் அம்மா. ஆனால் இந்தக் கடிதத்துக்குத்தான் நிறுவனம் கூப்பிட்டது.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. வெளிச்சத்துக்காகத் தங்கையை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தோம். திரையில் தெரியாதபடி நான் பீரோ ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் கள மேலாளர், நல்ல குரல், மரியாதையான பேச்சு. இன்னொருவர் ஆப் தயாரிக்கும் குழுவைச் சேர்ந்த இளைஞர். பயிர் பற்றி நிறையக் கேட்டார்கள். தங்கை தடுமாறவே இல்லை. இலைச்சுருட்டையும் களைக்கொல்லிப் பாதிப்பையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று இளைஞர் கேட்டபோது, அன்று எனக்குச் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வேலை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு மேலாளர் கேட்டார். "நீங்க குடுத்த நம்பருக்குப் பேசினோம்மா. தக்காளி விவசாயிகிட்ட. அவர் ரெண்டே வார்த்தைதான் பேசினார். 'அந்தப் பொண்ணு சொல்லித்தான் பிடுங்கினேன். இப்ப எனக்கு நிலம் இல்லை.' அவ்வளவுதான் சொன்னார்."

"அது உண்மைங்க சார்."

"உண்மைன்னு தெரியுது. தப்பு எல்லாருக்கும் வரும், அதைச் சொல்லலை. கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க இல்லையா, அதைக் கேக்கறேன். எங்ககிட்டச் சேந்த அப்புறம், கம்பெனி சொன்ன ஆலோசனை தப்புன்னு உங்களுக்குத் தோணினா, எங்களைக் கேக்காம விவசாயிகிட்ட எழுதிக் குடுப்பீங்களா?"

ஆமாம் இல்லை என்று எதுவும் சொல்லாதே, மழுப்பிவிடு என்று நான் பீரோ ஓரத்திலிருந்து கையால் சைகை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"முதல்ல உங்ககிட்டத்தான் சொல்லுவேன் சார். நீங்க விவசாயிகிட்டச் சொன்னா நான் எதுவும் எழுத வேண்டியதில்லை."

"நாங்க சொல்லலைன்னா?"

"நான் சொல்லுவேன்."

மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம் மாதிரிதான் இருந்தது. "ஒரு வயல்ல நாம ஒத்துக்கிட்டா ஆயிரம் வயல்ல இருந்து நஷ்டம் கேட்டு வருவாங்கம்மா. அதையும் யோசிக்கணும். உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணு இருக்கு சார். உங்க ஆப்ல நான் பழைய படத்தைப் போட்டுப் பாத்தேன். இலைச்சுருட்டு வைரஸ்னுதான் சொல்லுது. செடியைப் பிடுங்கவும் சொல்லுது. போன தடவை டேங்க்ல என்ன இருந்துச்சுன்னு கேக்கற இடம் அதுல எங்கயாவது இருக்குங்களா?"

இளைஞர் மேலாளரைப் பார்த்தார். "இப்ப இல்லை" என்றார். "கேள்வி கூடினா பாதியிலயே மூடிட்டுப் போயிடறாங்க. ஆனா நல்ல விஷயம். மெயில்ல அனுப்புங்க, பாக்கறோம்."

அன்று சாயங்காலமே படங்களை இணைத்து விவரமாக எழுதி அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை. சில நாள் கழித்து வேறொரு மெயில் வந்தது. தங்கள் தகுதிகளைப் பாராட்டுகிறோம், இப்பதவிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம் என்று இருந்தது. அவளோடு படித்த ஒருவனுக்குத்தான் அந்த வேலை கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. நல்ல பையன். வயலுக்குப் போனவன் இல்லை.

மறுநாள் அம்மா, "அடுத்த கடுதாசியிலயாவது அந்தத் தக்காளியை விட்டுத் தொலைடி" என்றாள். தங்கை துணி காயப்போடப் போய்விட்டாள். கொடியில் துணியைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதாள். நான் பார்த்தேன். போய்த் தேற்றவில்லை. தேற்றினால் அவளுக்குப் பிடிக்காது.

இப்போது ஒரு விதை நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் கொடுத்தாள். தக்காளி வயலைப் பற்றிய பத்தி அப்படியே இருந்தது. எடுத்துவிடு என்று சொல்வதற்காகத்தான் பேனாவோடு உட்கார்ந்தேன். எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். மற்ற வயல்களில் அவள் சரியாகச் செய்ததெல்லாம் இருந்தது. ஆனால் களையையும் ஏன் பார்க்க வேண்டும் என்கிறாள், ஏன் அத்தனை கேள்வி கேட்க வேண்டும் என்கிறாள் என்பதற்குக் காரணமே இல்லாமல் போனது. பத்தியை மறுபடி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

தக்காளிக்காரர் இவளுடைய போனை எடுப்பதில்லை. இந்தக் கடிதத்திலும் அவர் நம்பரைக் கொடுக்க வேண்டும் என்பதால், அவர் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அந்த அம்மாள் போனைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் கேட்டது எனக்கும் லேசாகக் காதில் விழுந்தது. பின்னால் கோழிகளின் இரைச்சல். அவர் ஏதோ சொன்னார்.

"குடுக்கட்டுமாம்" என்றாள் அந்த அம்மாள். "கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவாராம். கூட்டியும் சொல்ல மாட்டாராம், குறைச்சும் சொல்ல மாட்டாராம்."

"அது போதுங்க அண்ணி" என்றாள் என் தங்கை. கடிதத்தின் கீழே அவர் நம்பரை எழுதினாள்.